சாய்த்து வைத்த கம்பிகள்

திங்கட்கிழமை மத்தியானம் பரிமளா போனில் சொன்னதை நான்சி இரண்டு தடவை திரும்பக் கேட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. அரை மணி நேரம் கம்பெனி ஆட்கள் அவள் வீட்டு இணைப்பை அங்கிருந்தபடியே சோதிப்பார்கள். இங்கிருந்து இணையத்தில் ஏறுகிற வேகம் ஐந்து எம்பிக்குக் கீழே இறங்கக் கூடாது. பேச்சு நடுவில் அறுபடக் கூடாது. தேறினால் வீட்டிலிருந்தே வேலையைத் தொடரலாம். தேறாவிட்டால் ஜனவரியிலிருந்து திருச்சி ஆபீசுக்கு நேரில் வரவேண்டும். வர முடியாதவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளலாம்.

பரிமளா அவளுடைய குழுவுக்குத் தலைவி. அன்று பதினேழு பேருக்கு இதையே சொல்லவேண்டியிருந்ததால் அவள் குரலிலும் உயிர் இல்லை.

"ஒன் லைன்தான் நான்சி ரொம்ப மோசம். பேசிக்கிட்டு இருக்கறப்பவே கெணத்துக்குள்ள போன மாதிரி போயிருது. எத்தன நாளைக்கு நான் மேல சொல்லாம இருக்கறது?"

மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற போன்களை எடுத்து, டாக்டர் நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை அது. போன் எல்லாம் இணையத்தின் வழியாகத்தான் வரும். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது குரல் அறுந்துபோனால் அந்த மனுஷருக்கு எப்படி இருக்கும் என்று நான்சிக்கும் தெரியும்.

கீரனூர் வரைக்கும் போய்விட்டால் திருச்சிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போய் வருகிறார்கள். அவளும் போயிருப்பாள், மாமனார் மைக்கேல்சாமி மட்டும் பேசாமல் வீட்டில் இருப்பவராக இருந்தால். ஜூன் மாதம் அவள் கணவன் சூசைராஜ் மில்லிலிருந்து வரும் வழியில் மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்தான். மகனைப் புதைத்த எட்டாம் நாளிலிருந்து கிழவர் அந்த இடத்துக்கு நடந்து போக ஆரம்பித்தார். நாலு கிலோமீட்டர். போய் அங்கே ரோட்டோரத்தில் நிற்பார். அழுவதில்லை, ஜெபிப்பதுமில்லை, நிற்பார், அவ்வளவுதான். இரண்டு தடவை கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். ஒரு தடவை ரோட்டின் நடுவிலேயே நின்றாராம். நான்சி வீட்டில் இருந்தால் செருப்பு சத்தம் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றாமலே வாசலுக்கு வந்து நிற்பாள். அவரும் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். அவள் காலை ஏழரைக்குப் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்பினால் யார் வாசலில் நிற்பது?

இதையெல்லாம் பரிமளாவிடம் சொல்லவில்லை. வயதானவர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். எல்லார் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

கேபிள் போட்டு இணையம் கொடுப்பவர்கள் ஊர் எல்லையோடு நின்றுவிட்டார்கள். அதனால் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றை சூசைராஜ் வாங்கி மாட்டியிருந்தான். மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவன். அரைகுறையாக எதையும் செய்யமாட்டான். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கூண்டு அறை உண்டு. அங்கே வெயில் படாத தட்டில் ரவுட்டரை வைத்தான். அதன் முதுகில் நாலு திருகு வாய்கள். இரண்டிலிருந்து கறுப்பு வயர் கிளம்பி மொட்டைமாடிக் கம்பத்தில் இருந்த இரண்டு ஆன்டெனாவுக்குப் போயிற்று. மீதி இரண்டில் விரல் நீளத்துக்கு இரண்டு குட்டிக் கம்பிகள். நான்சி வேலை பார்க்கிற அறை அதற்கு நேர் கீழே. மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மொட்டைமாடிக் கம்பம் முதலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்காகப் போட்டது. டிசம்பர் பிறந்தால் தெருவில் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஸ்டார் ஏறும். சூசைராஜ் பதினைந்தடி இரும்புக் குழாயைச் சுவரோடு பிணைத்து, ஆவூர் வரைக்கும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஸ்டார் கட்டுவான். ஆன்டெனா அதே குழாயில் கொஞ்சம் கீழே இருந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை. நவம்பர் கடைசியில் திருச்சி விடுதியில் தங்கிப் படிக்கிற மகளைப் பார்க்க நான்சி போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியபோது கம்பம் இறங்கி, மாடிச் சுவரோரமாகக் கிடந்தது.

"ஸ்டார் கம்பத்த எறக்கிட்டேன்த்தா," என்றார் மைக்கேல்சாமி. "வெறுங்கம்பம் நிக்கறதப் பாக்க முடியல."

அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆன்டெனாவைக் கைப்பிடிச் சுவரில் துணிக்கொடி கட்டியிருந்த குழாயில் பொருத்தியிருந்தார். துணி காயப்போடும்போது அவள் பார்த்தாள். அழகாக, மட்டமாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றன. நன்றாக முடுக்கியிருந்தார். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகுதான் குரல் அறுபட ஆரம்பித்தது. அடைமழைக் காலம் என்பதால் மழைதான் காரணம் என்று நினைத்தாள். மழை விட்ட பிறகும் அறுபட்டது. போனில் தேடினாள். தூரத்துக்கு இழுக்கும், சுவரைத் துளைக்கும், மூன்று மாடி பாயும் என்று படத்தோடு போட்டு ஆன்டெனா விற்றார்கள். முழ நீளத்தில் இரண்டு வரவழைத்தாள். ரவுட்டரில் இருந்த குட்டிக் கம்பிகளில் ஒன்று நிமிர்ந்து நின்றது; இன்னொன்று படுத்துக் கிடந்தது. திருகு தளர்ந்து விழுந்துவிட்டது போலிருக்கிறது, இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தாள். இரண்டையும் கழற்றிவிட்டு, புதியவற்றை மாட்டி, இரண்டையும் நேராக நிமிர்த்தி வைத்தாள். பார்க்கவே பலமாக இருந்தது.

கீழே வந்து லேப்டாப்பைத் திறந்தால் முன்னைவிட மோசம். மாடிப்படியில் ஏற ஏறக் கொஞ்சம் தேவலை. செவ்வாயும் புதனும் அவள் நடுப்படியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். முதுகு விட்டுப்போயிற்று. அதிலும் குரல் அறுபட்டது.

திருமுருகனைக் கூப்பிட வேண்டும் என்பது முதல் நாளே தெரியும். கீரனூர் கடைத்தெருவில் கேமராவும் இணையமும் மாட்டிக் கொடுக்கிற கடை வைத்திருப்பவன், சூசைராஜுக்குப் பள்ளிக்கூடத்து சிநேகிதன். இந்த ஆன்டெனாக்களைத் திருச்சியில் போய் வாங்கி வந்தபோது கூடப் போனவனும் அவன்தான். சாவுக்குப் பிறகு இரண்டு தடவை வந்தான். அப்புறம் வரவில்லை. வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, இவர்களுக்கும் தெரியவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வேறு வழியில்லாமல் கூப்பிட்டாள். நாளைக்கு மூணு மணிக்கு வாரேன் தங்கச்சி என்றான். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றரைக்கு வந்தான். மைக்கேல்சாமி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திருமுருகன் பக்கத்தில் போய் நின்று, "பெரியப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றான். அவர் தலையை ஆட்டினார். காபி கொடுக்கச் சொன்னார். அதோடு பேச்சு தீர்ந்தது.

கூண்டு அறைக்குள் நுழைந்ததும் திருமுருகன் அந்த முழ நீளக் கம்பிகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

"இதென்ன தங்கச்சி, மாட்டுக் கொம்பு?"

"தூரத்துக்கு இழுக்கும்னு போட்டிருந்தான்ணே."

"இழுக்கும். எந்தத் தூரத்துக்கு?" என்று தரையில் குந்தினான். "மொதல்ல ஒன்னு. இந்த ரெண்டு வாயும் வீட்டுக்குள்ள வைஃபை குடுக்கறதுக்கு. டவர்லேருந்து வாங்கறது அந்த ரெண்டு கறுப்பு வயரு. டவர்லேருந்தே வரலைன்னா இங்க எம்மாம்பெரிய கம்பி மாட்டியும் இல்லாததத்தான் பரிமாறும்."

அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் கீழே முன்னைவிடக் குறைந்தது ஏன் என்று கேட்டாள்.

அவன் கையில் மாவு உருட்டுவது போலக் காட்டினான். ஆன்டெனா தானாக எதையும் உண்டாக்குவதில்லை என்றான். ரவுட்டர் கொடுக்கிற சக்தி ஒரே உருண்டை மாவு. குட்டிக் கம்பியில் அது குண்டாக இருக்கும். பக்கத்திலும் போகும், ஓரளவு மேலேயும் கீழேயும் போகும். நீளக் கம்பி அதையே பரோட்டாக் கடைக்காரன் மாதிரி தட்டி வீசிவிடும். அகலம் ஜாஸ்தி, கனம் இல்லை. நிமிர்ந்து நிற்கிற கம்பி நாலு பக்கமும்தான் வீசும்; முனையிலிருந்தும் அடியிலிருந்தும் ஒன்றும் வராது. நீ உட்கார்ந்திருப்பது அடிக்கு நேர் கீழே. பக்கத்து வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தால் உனக்கு நன்றாகக் கிடைத்திருக்கும் என்றான். சிரிப்பு மூட்டுவதற்காகத்தான் சொன்னான். அவளும் சிரித்து வைத்தாள்.

"பழைய கம்பி இருக்கா?"

ஜன்னல் திண்டில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவன் நீளக் கம்பிகளைக் கழற்றிவிட்டு அவற்றைத் திருகினான். ஒன்றை நிமிர்த்தினான். இன்னொன்றைப் படுக்க வைத்தான்.

நான்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அது படுத்துத்தாண்ணே கெடந்துச்சு. விழுந்துருச்சுன்னு நெனச்சேன்."

"விழல. அவன் படுக்க வச்சிருக்கான். படுத்த கம்பிக்கு மேலயும் கீழயும்தான் பலம். ஒனக்காக வச்சது அது. நிக்கறது மாடிக்கு." சொல்லிவிட்டு, சொன்னது அதிகமாகிவிட்டதோ என்பது போல ரவுட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரவுட்டரின் பக்கத்தைத் தன் போனில் திறந்து காட்டினான். அதில் இரண்டு எண்களைத்தான் பார்க்க வேண்டுமாம். ஒன்று டவரிலிருந்து வருகிற பலம். கழித்தல் குறி போட்டு வரும், எண் சின்னதாக ஆக ஆக நல்லது. இன்னொன்று இரைச்சலுக்கு மேலே பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. அது பெரியதாக இருக்க வேண்டும். இப்போது பலம் கழித்தல் நூற்றுப் பதினாறு. தெளிவு ஒன்று. ஏறுகிற வேகம் முக்கால்.

"இது ஆன்டெனா இல்லாமயே வர்ற மாதிரில்ல இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனான்.

மாடியில் கொடிக் குழாயைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பிறகு மேற்கே கையை நீட்டி எதையோ அளந்தான். வாய்விட்டுச் சிரித்தான். அந்த வீட்டில் ஆறு மாதமாக அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை.

"எவன் தங்கச்சி இத கொடைக்கானலுக்குத் திருப்புனது? டிவியில வெள்ளிக்கிழம பாட்டு பாக்கப் போறீங்களா?"

நான்சிக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்கேல்சாமி ஒரு காலத்தில் இந்தச் சுற்று வட்டாரத்துக்கே டிவி ஆன்டெனா ஏற்றியவர். கொடைக்கானலிலிருந்து படம் வந்த நாட்களில் எல்லா வீட்டு மாடியிலும் எல்லா மீன்முள் ஆன்டெனாவும் மேற்கே கொடைக்கானலைப் பார்த்து, குச்சிகள் தரைக்கு மட்டமாகப் படுத்திருக்கும். இந்த ஆன்டெனாவும் சின்ன மீன்முள் மாதிரிதான் இருந்தது. அவர் கைக்கு அதுதான் தெரியும்.

"மெதுவாண்ணே," என்றாள். "காத்துல திரும்பியிருக்கும்."

"காத்து இம்புட்டு நேரா வச்சு போல்ட்டு முடுக்குமா? சாய்வா இருக்கவேண்டியத மட்டம் பாத்துல்ல—"

"நான்தான்," என்று படியிலிருந்து குரல் வந்தது.

மைக்கேல்சாமி மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிப் படியில் நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"நான்தான் வச்சேன். கம்பத்துலேருந்து எறக்கறப்ப ஒன்னு இங்கிட்டும் ஒன்னு அங்கிட்டுமா சாஞ்சு கெடந்துச்சு. எம்மவன் சாச்சு வைப்பானா? ஆடியில அடிச்ச காத்து சாச்சிருச்சுன்னு நிமித்தி வச்சேன். நார்த்தாமலையப் பாத்துத் திரும்பியிருந்துச்சு. மலையில என்ன இருக்கு?"

திருமுருகனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சிரித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றான். பிறகு பக்கத்தில் போய்ச் சொன்னான்.

"டிவிக்கு நீங்க வச்சது சரிதான் பெரியப்பா. இது வேற. இதுக்கு டவரு எங்க இருக்கோ அங்கிட்டுப் பாக்கணும். டவருல இருக்கறதே ஒன்னு இங்கிட்டும் ஒன்னு அங்கிட்டும் சாஞ்சுதான் அனுப்புது. ரெண்டு பேச்சு ஒரே நேரத்துல வருது. நம்ம ரெண்டும் அதே மாதிரி சாஞ்சு இருந்தாத்தான் ஆளுக்கு ஒன்னா பிரிச்சு வாங்கும். ரெண்டையும் ஒரே மட்டமா வச்சா ரெண்டும் ஒரே கலவையத்தான் கேக்கும்."

கிழவர் ஆன்டெனாவைப் பார்த்தார். பிறகு நான்சியைப் பார்த்தார். "நாளைக்கு ஒன் வேலைக்குப் பரிச்சன்னு சொன்னியே. இதுனாலயா?"

ஆமாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இல்லை என்றால் அவர் நம்பமாட்டார்.

"நானும்தான் மாமா. உள்ள ஒன்னு படுத்துக் கெடந்துச்சு. விழுந்துருச்சுன்னு நிமித்துனேன். அதுவும் அவங்க வச்சதுதானாம்."

கிழவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்த கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். கீழே இறங்கிப் போகவில்லை.

வேலை ஆரம்பித்தது. திருமுருகன் இரண்டு ஆன்டெனாவையும் தளர்த்தி, ஒன்றை வலப்பக்கம், இன்னொன்றை இடப்பக்கம் சரிபாதிச் சாய்வில் முடுக்கினான். நான்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு எண்களை வாசித்தாள். அவன் கொஞ்சம் திருப்புவான், திருப்பியதும் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும், அவள் வாசிப்பாள். முதலில் கிழக்கே கீரனூர் டவரைப் பார்த்து வைத்தார்கள். பலம் எண்பத்தாறுக்கு வந்தது. ரவுட்டர் பக்கத்தில் சிக்னல் கம்பு எல்லாம் நிறைந்து நின்றது. அவள் சரியாகிவிட்டது என்றே நினைத்தாள். வேகச் சோதனை ஓட்டிப் பார்த்தால் ஏறுவது இரண்டு. தெளிவு நாலு.

"கம்ப எண்ணாத தங்கச்சி," என்றான் திருமுருகன். அந்த டவரில் டவுன் முழுக்கத் தொங்குகிறது என்றான். பக்கத்தில் இருப்பதால் சத்தம் பெரிதாகக் கேட்கிறது, ஆனால் சந்தைக்குள் நின்று கேட்கிற மாதிரி. கூட்டத்தை எந்த ஆன்டெனாவும் குறைக்காது. இந்த மாதிரி ஆன்டெனா உதவுவது ஒரே இடத்தில்தான்: தூரத்தில் கூட்டமில்லாத டவர் ஒன்று இருந்து, அதற்கும் நமக்கும் நடுவில் மறைப்பு இல்லாமல் இருந்தால். அப்போது காதுக்குப் பின்னால் கை குவித்துக் கேட்கிற மாதிரி அந்தத் திசையை மட்டும் கேட்கும், அந்தத் திசையில் மட்டும் பேசும். மற்ற பக்கம் செவிடு. அதனால்தான் திசை தப்பினால் அது இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

தெற்கே, நார்த்தாமலைக் குன்றுகள் வெயிலில் வெளிறித் தெரிந்தன. மெயின் ரோட்டோரமாக, குன்றுக்கு இந்தப் பக்கம், ஊசி மாதிரி ஒரு டவர். எட்டு கிலோமீட்டர் இருக்கும். சூசைராஜ் அதைப் பார்த்துத்தான் வைத்திருந்தான். திருப்பினார்கள். பலம் நூற்றிரண்டு. தெளிவு எட்டு. ஏறுவது நாலு, சில சமயம் நாலரை, சில சமயம் மூன்று.

திருமுருகன் கைப்பிடிச் சுவரில் கன்னத்தை வைத்து ஆன்டெனாவின் வழியாகப் பார்த்தான். பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் தலை நேர் குறுக்கே இருந்தது. இன்னும் ஏழடி மேலே போனால் மரம் தாண்டும். அவன் சுவரோரம் கிடந்த குழாயைப் பார்த்தான். வயரும் அந்த உயரத்துக்கு அளந்து வாங்கியதுதான். மிச்சம் சுருட்டிக் கிடந்தது. நீளம் கூட்ட வேண்டியதில்லை. வயர் நீளம் கூடினால் வருவதில் பாதியை அதுவே குடித்துவிடும். சூசை அதையும் கணக்காக வைத்திருந்தான்.

அவன் வாய் திறந்து கேட்கவில்லை. நான்சியும் கேட்கவில்லை. தெருவில் நாற்பது வீடுகளின் மாடியில் ஸ்டார் ஏறியிருந்தது. துக்க வீட்டில் டிசம்பரில் கம்பம் ஏறினால் ஊர் நிமிர்ந்து பார்க்கும். இறக்கிய மனுஷர் வாளி மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"நாலு பத்தாதுல்ல?" என்று அவர்தான் கேட்டார்.

"அஞ்சு வேணும் மாமா."

மைக்கேல்சாமி எழுந்தார். குழாயின் ஒரு முனைக்குப் போய்க் குனிந்தார். "ஸ்டார்தான் கட்டக் கூடாது. கம்பத்துக்கு என்ன துக்கம்? புடிடா அந்தப் பக்கம்."

மூன்று பேரும் சேர்ந்து ஏற்றினார்கள். குழாயைக் கிளாம்ப்பில் நிறுத்திப் பிடித்துக்கொண்டது கிழவர்தான். எழுபத்து மூன்று வயதில் குழாயை இம்மியும் அசையவிடவில்லை. திருமுருகன் ஏணியில் நின்று ஆன்டெனாவைப் பொருத்தியபோது, "முடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நூல் எடது பக்கம் விட்டு முடுக்கு, முடுக்கறப்ப அது வலப்பக்கம் இழுக்கும்," என்றார். அது சரியாக இருந்தது. நான்சி எண்களை வாசித்தாள். தொண்ணூற்றைந்து. தெளிவு பதினேழு. ஏறுவது ஒன்பதரை.

அவள் மறுபடியும் ஓட்டினாள். பத்து. இன்னொரு தடவை ஓட்டினாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கேயாவது படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

திருமுருகன் வயர் இணைப்பில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் டேப் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பினான். கூலி என்ற பேச்சை அவள் எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினான். வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டே, "வராம இருந்தது தப்புதான் தங்கச்சி," என்றான். அதோடு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு நான்சி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். கூடத்து நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் செருப்பும் இல்லை. எழுந்து தெருவை எட்டிப் பார்த்தாள், ஆள் இல்லை. ரோட்டுக்கு ஓடினால் அரை மணி நேரம் போய்விடும். ஓடாவிட்டால், அவர் மறுபடியும் ரோட்டின் நடுவில் போய் நின்றால்? ஹெட்போனில் மணி அடித்தது.

பேசியவன் சின்னப் பையன் குரலாக இருந்தான். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னான். வாசித்தாள். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றச் சொன்னான். ஏற்றினாள். திரும்ப வாசிக்கச் சொன்னான். அவள் காது முழுவதும் வாசலில் இருந்தது. பதினொன்றேகாலுக்கு மொட்டைமாடியில் ஏதோ தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. தட், தட். பிறகு செருப்பு இழுபடுகிற சத்தம். அவளுக்கு அந்த நடை தெரியும். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மூன்றாவது தடவை வாசிக்கும்போது குரல் கொஞ்சம் உடைந்தது, லைன் உடையவில்லை.

பதினொன்றரைக்குப் பையன் நன்றி சொல்லி வைத்துவிட்டான். தேறியதா என்று சொல்லவில்லை. பன்னிரண்டரைக்குப் பரிமளாவிடமிருந்து செய்தி வந்தது. தேறிவிட்டாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்ப்பார்களாம், மத்தியான ஷிப்டுக்கு ஆள் இல்லை, இரண்டு மணிக்கு உட்காருவாயா என்று கேட்டிருந்தாள். உட்காருகிறேன் என்று பதில் போட்டாள்.

மாடிக்குப் போனாள். மைக்கேல்சாமி தொட்டி நிழலில் வாளி மேல் உட்கார்ந்திருந்தார். கையில் அவள் வரவழைத்த முழ நீளக் கம்பிகளில் ஒன்று இருந்தது.

"ஆன்டெனா மேல காக்கா வந்து வந்து ஒக்காருது," என்றார். "இதத் தட்டி வெரட்டிக்கிட்டு இருந்தேன். பாசா?"

"பாசு மாமா."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் கம்பத்தைப் பார்த்தார்கள். உச்சியில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே ஆன்டெனா இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சாஞ்சு நிக்கறது கண்ணுக்கு உறுத்தலாத்தான் இருக்கு," என்றார் கிழவர்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு மாமா."

"நிமித்திராத."

"மாட்டேன். சாப்பிட வாங்க. ரெண்டு மணிக்கு எனக்கு வேல."

"நீ போ, வாரேன்," என்றார். அவள் படியில் இறங்கும்போது பின்னால் தட், தட் என்று சத்தம் கேட்டது.